பாதுகாப்புச் சம்பவ நடவடிக்கைத் திட்டம்: திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம்

கணினியிலோ மின்னஞ்சலிலோ யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்த உடனே சொல்லுங்கள். உறுதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தவறான இணைப்பை அழுத்திவிட்டதாகத் தாமே வந்து சொல்பவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது. இது உரிமையாளரின் உறுதிமொழி.

யாரிடம் சொல்வது

முதலில் கணினிப் பொறுப்பாளர் (உள்தொலைபேசி 21). அவர் கிடைக்காவிட்டால் கணக்கு மேலாளர் (14). நிலை 1 என்றால் நள்ளிரவானாலும் உரிமையாளரை (11) கைப்பேசியில் எழுப்ப வேண்டும். மின்னஞ்சலில் தெரிவிக்காதீர்கள், உள்ளே புகுந்தவர் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம்.

நிலைகள்

நிலை 1: பணம் போய்விட்டது, கணக்கு சர்வரின் கோப்புகள் திறக்கவில்லை, அல்லது பையர்களின் தகவல் வெளியேறியுள்ளது. 15 நிமிடங்களுக்குள் வேலை தொடங்க வேண்டும்.

நிலை 2: ஒருவரின் மின்னஞ்சலுக்குள் வேறொருவர் நுழைந்துள்ளார், அல்லது ஒரு கணினியில் மட்டும் வைரஸ். ஒரு மணி நேரத்துக்குள்.

நிலை 3: போலி மின்னஞ்சல் வந்தது, யாரும் ஏமாறவில்லை. அன்று மாலைக்குள் பதிவேட்டில் எழுதினால் போதும்.

எந்த நிலை என்று குழப்பம் இருந்தால் அவற்றில் கடுமையான நிலையாகவே கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு மாற்ற மோசடி

நம் தொழிலில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். மெர்ச்சண்டைசரின் அஞ்சலுக்குள் புகுந்தவர் வாரக்கணக்கில் அமைதியாக இருந்து, இன்வாய்ஸ் போகும் நாளில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுவார். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் அவர் வெளியேறிவிட மாட்டார். அஞ்சல் அமைப்புகளில் கடிதங்களைத் தானாக வெளியே அனுப்பும் விதி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, அதைப் படமெடுத்த பிறகு நீக்குங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். பையரை, பழைய ஆர்டர் கோப்பில் உள்ள எண்ணில் அழையுங்கள். பணம் அனுப்பியிருந்தால், அதைத் திரும்பப் பெறும் கோரிக்கையை அவருடைய வங்கியில் உடனே கொடுக்கச் சொல்லுங்கள். நம் கணக்கிலிருந்து போயிருந்தால் நம் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே அழைக்க வேண்டும்.

முடிவெடுக்கும் இடங்கள்

சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது: கணினிப் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் செய்யலாம், ஷிப்மென்ட் நாளானாலும். கேபிளைப் பிடுங்க வேண்டும், மின்சாரத்தை அணைக்கக் கூடாது. அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் அழிந்துவிடும். காப்புப் பிரதி வட்டை அப்போது இணைக்கவே கூடாது.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிப்பது: 2022 ஏப்ரல் உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் incident@cert-in.org.in முகவரிக்கு நம் பாதிக்கப்படாத அஞ்சலிலிருந்து எழுத வேண்டும். பொறுப்பு கணக்கு மேலாளருடையது. விவரம் முழுமையாக இல்லாவிட்டாலும் அனுப்பிவிட்டு, மீதியைப் பிறகு தரலாம்.

கோப்புகளைப் பூட்டியவர் அவற்றைத் திறக்கப் பணம் கேட்டால்: உரிமையாளர் தவிர யாரும் பதில் எழுதக் கூடாது. கொடுப்பதில்லை என்பதே நம் நிலைப்பாடு; கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

மீண்டும் இயக்குவது: காப்புப் பிரதியைத் தனிக் கணினியில் திறந்து, கடைசி மாத இன்வாய்ஸ்களைத் தாளோடு ஒப்பிட்ட பின், கணினிப் பொறுப்பாளரும் கணக்கு மேலாளரும் கையெழுத்திட்டால் மட்டுமே.

இத்திட்டத்தின் அச்சுப் பிரதிகள் காவலாளி அறையிலும் கணக்குப் பிரிவு அலமாரியிலும் இருக்கும்.