பாலாற்றுப் பாலத்தில் இரவு வேலை: 1, 2 வழித்தட பஸ்களில் மாற்றம் (ஜூன் 8 முதல் 20 வரை)

வேலூர் நகரப் பேருந்துப் பயணிகள் கவனத்திற்கு,

விருதம்பட்டுக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் நடுவே உள்ள பாலாற்றுப் பாலத்தில், தளங்கள் சேரும் இடத்து இரும்பு இணைப்புகளை மாற்றுகிறார்கள். பஸ் ஏறும்போது ‘தடக் தடக்’ என்று தூக்கிப் போடுமே, அதே இடங்கள்தான். வேலை இரவில் மட்டும். 2026 ஜூன் 8 திங்கள் முதல் ஜூன் 19 வெள்ளி வரை, வார நாட்களில் இரவு 10 மணியிலிருந்து மறுநாள் காலை 5 மணி வரை பஸ், லாரி எதுவும் பாலத்தில் போக முடியாது. சனி, ஞாயிறு இரவுகளில் வேலை இல்லை, பஸ்கள் வழக்கம்போல ஓடும்.

பாதிக்கப்படுவது பாகாயம் - காட்பாடி இடையே ஓடும் 1, 2 வழித்தடங்கள். சத்துவாச்சாரி, அரியூர், ஸ்ரீபுரம் பக்கம் போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

இரவு: பாலத்தைத் தாண்டிப் போகும் கடைசி பஸ் பாகாயத்தில் 9.10-க்கும், காட்பாடியில் 9.35-க்கும் கிளம்பும். இரண்டு பக்கமும் 10.20-க்குக் கடைசி பஸ் என்று பழகியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பாகாயத்திலிருந்து 9.40, 10.00, 10.20-க்குக் கிளம்பும் பஸ்கள் புதிய பேருந்து நிலையத்தோடு திரும்பிவிடும். காட்பாடியிலிருந்து 9.55, 10.20-க்கு வருபவை விருதம்பட்டோடு திரும்பிவிடும். பாலத்தின் ஒரு பாதி கார், ஆட்டோ, இருசக்கர வாகனங்களுக்குத் திறந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் விடுவார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். ஆம்புலன்ஸை நிறுத்த மாட்டார்கள்.

இரவு ரயிலுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் யோசனை ஒன்றுதான்: 9.10 பஸ்ஸையே நம்பாமல் அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறிவிடுங்கள். பெட்டி, பையோடு பாலத்து முனையில் இறங்கி, அந்த நேரத்தில் ஆட்டோ தேடுவது சுலபமில்லை.

அதிகாலை: செவ்வாய் முதல் சனி வரை (கடைசியாக ஜூன் 20) இந்த மாற்றம் உண்டு. காட்பாடியிலிருந்து 4.15, 4.40-க்குக் கிளம்பும் பஸ்கள் விருதம்பட்டு வரைதான். 5.05 பஸ்ஸிலிருந்து எல்லாம் நேராகப் போகும். இந்த இரண்டு பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று எங்கள் கண்டக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். நேதாஜி மார்க்கெட்டுக்குப் பூக்கூடையும் கீரைக்கட்டும் ஏற்றிக்கொண்டு வரும் பெண்கள், விடியற்காலை ரயிலில் இறங்கி சி.எம்.சி.க்கு டோக்கன் போட ஓடும் நோயாளிகள். இவர்களை இருட்டில் பாலத்தில் நடக்கவிட முடியாது. அதனால் பணிமனை வேன் ஒன்று 4.25 முதல் 5 மணி வரை விருதம்பட்டுக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும். அங்கிருந்து மார்க்கெட், சி.எம்.சி. வழியாகப் பாகாயம் போக பஸ் தயாராக நிற்கும். வேனில் உட்கார 16 பேருக்குத்தான் இடம், கூடைகளைப் பின்பக்கம் அடுக்கலாம். முதல் நடையில் நோயாளிகளும் வயதானவர்களும் ஏறட்டும், அடுத்தது பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

டிக்கெட்: காட்பாடியிலோ பாகாயத்திலோ வாங்கிய டிக்கெட் அந்தப் பக்கத்து பஸ்ஸுக்கும் செல்லும், வேனுக்குத் தனியாகக் காசு இல்லை. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இரண்டு பக்கமும் அப்படியே தொடரும். அந்த டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும், இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

பகல்: பஸ் எண்ணிக்கையில் குறைவில்லை. தோண்டிய இடத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பதால் பாலத்தில் மெதுவாகத்தான் போக வேண்டும். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் 15 நிமிஷம் வரை தாமதம் ஆகலாம். கல்லூரிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் ஒரு பஸ் முன்னதாகப் பிடிப்பது நல்லது. விருதம்பட்டில் பாலத்தை ஒட்டியிருக்கும் நிறுத்தம் இந்த இரண்டு வாரமும் காட்பாடிப் பக்கமாக நூறு மீட்டர் தள்ளி இருக்கும். பழைய இடத்தில் கை காட்டினால் டிரைவர் நிறுத்த முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மழை பெய்தால் அன்றைய வேலை நடக்காது. அப்படியானால் இரவு 8 மணிக்குள் முடிவு தெரிந்துவிடும், கடைசி பஸ்கள் பழையபடி 10.20-க்கே ஓடும். புதிய பேருந்து நிலையம், காட்பாடி, பாகாயம் மூன்று இடத்திலும் டைம் கீப்பர் அறை வாசலில் உள்ள கரும்பலகையில் அதை எழுதி வைப்போம். காட்பாடி நிறுத்தத்தில் இந்த அறிவிப்பின் சுருக்கத்தைத் தெலுங்கு, இந்தி, வங்காளத்திலும் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் யாராவது விழித்துக்கொண்டு நின்றால் அதைக் கொஞ்சம் காட்டிவிடுங்கள்.

ஜூன் 20 சனிக்கிழமை காலை 5 மணிக்கு மேல் எல்லா பஸ்களும் பழைய நேரப்படி ஓடும்.

கிளை மேலாளர்,
நகரப் பேருந்துப் பிரிவு, வேலூர்
3.6.2026