யளனகப

பேரன் லப்டொப்பை வைத்துவிட்டுப் போன அன்று முத்தையன்கட்டில் நல்ல மழை. மொறட்டுவைக்குப் படிக்கப் போகிறவனுக்குத் தகப்பன் புதிது வாங்கிக் கொடுத்திருந்தார். பழையதற்குப் பற்றரி செத்துவிட்டது. வயர் செருகியிருந்தால் மட்டும் ஓடும்.

"அப்பப்பா, பாமினி எழுத்துப் போட்டு விட்டிருக்கிறன். உங்கட தட்டச்சு மெஷின் மாதிரித்தான். பயப்பிடாமல் அடியுங்கோ."

"பயமோ எனக்கு? போடா."

பயம் இருந்தது. இரண்டு நாள் அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் தேநீர் குடித்து, முகம் கழுவி, திருநீறு பூசி, வேலைக்குப் போகிறவர் மாதிரிச் சேட்டும் போட்டுக்கொண்டு மேசையில் வந்து இருந்தார்.

ஊரில் அவருக்குக் கிளாக்கர் ஐயா என்றுதான் பேர். கச்சேரியில் 34 வருடம். மேலே ஒரு தாள், கீழே மூன்று காபன் பிரதிகள். ஓர் எழுத்துப் பிழைத்தால் நாலு தாளிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். அதனால் அவர் எதையும் அவசரமாக அடித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான், பேனாவால். இப்போது கை நடுங்குகிறது. கோடு போட்ட தாளிலும் வரி சரிந்து போகிறது. போன மாதம் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை அவரே திரும்ப வாசிக்க முடியாமல் நின்றார். அதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

பெருவிரலை மேலே தூக்கி, எட்டு விரல்களையும் கட்டைகளில் வைத்தார். யளனகப. பத்தொன்பது வயதில் படித்த முதல் பாடம். திரையில் ய, ள, ன, க, ப என்று அதே ஒழுங்கில் வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அப்படியேதான் நின்றன.

சரி, ஒரு வணக்கம் அடிப்போம் என்று அடித்தார். வந்தது: வண்கக்ம.

அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். வண்கக்ம. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அதுவேதான்.

பின்னேரம் வரை அதை அடித்து அடித்துப் பார்த்துத்தான் விசயம் பிடிபட்டது. தட்டச்சு மெஷினில் புள்ளியை அடித்தால் தாள் நகராது. புள்ளி முதலில் விழும், எழுத்து பிறகு அதன் கீழே வந்து இருக்கும். இதில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. அவர் விரல்கள் பழைய பழக்கத்தில் புள்ளியை முன்னுக்கு அடிக்க, அது முந்தின எழுத்தின் தலையில் போய் ஏறுகிறது. ஒரு விரல்பழக்கத்தை எழுபத்தொரு வயதில் மாற்றுவது லேசான காரியம் இல்லை. புள்ளிக் கட்டைக்குப் போகும் சின்னி விரலில் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டார், தாமதித்துப் போ என்று அதற்கு ஞாபகப்படுத்த.

"விரலில என்ன காயம்?" என்றார் மனைவி.

"காயமில்லை. பாடம்."

கட்டையை அழுத்தி அடித்துப் பழகியவர். இதில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஒரு வரி முழுக்க வவவவவ என்று ஓடுகிறது. வரி முடியும்போது இடது கை தானாக மேலே எழும்பி, இல்லாத தடியைத் தள்ளப் போகிறது. மணியும் அடிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரை அடித்தார். பேரனிடம் போனில் கேட்டு எழுத்தைப் பெரிதாக்கியபோது வரிகள் எல்லாம் பாதியில் முறிந்து, அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கிடப்பது போலக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். ஒரு மத்தியானம் அதற்கே போயிற்று.

Ctrl+Z ஐப் பேரன் சொல்லிக் கொடுத்த அன்று மட்டும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிழை நடந்ததற்கு முந்தின நிலைக்கே போகலாம், தாளில் சுரண்டின தடமும் இராது. வேண்டுமென்றே ஒரு வரியை அழித்தார், திரும்பக் கொண்டுவந்தார். திரும்ப அழித்தார், திரும்பக் கொண்டுவந்தார்.

பக்கத்து வளவு ராணி வந்தது அந்தக் கிழமைதான். 2009 இல் இடம்பெயர்ந்து ஓடியபோது காணிப் பெர்மிட் வைத்திருந்த பை வழியில் எங்கோ போய்விட்டது. காணி புருசனின் பேரில். அவரும் இப்போது இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெர்மிட்டின் பிரதி கேட்டு ஒரு கடிதம் வேண்டும்.

"கையால எழுதித் தந்தாலும் காணும் ஐயா."

"இல்லைப் பிள்ளை. அடிச்சே தாறன். ஆனால் ரெண்டு நாள் தா."

ஆக மேலே ஒரு வணக்கம் அடித்து, அடுத்து விடயம் என்று போட்டு, கீழே கோடு கீறி, மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில் என்று தொடங்கினார். அப்படித் தொடங்காத கடிதத்தை அவரால் எழுத முடியாது. ராணி சொன்ன கதையில் அழுகை இருந்தது. கடிதத்தில் காணித் துண்டு இலக்கமும் குடியேறிய வருடமும் எல்லைகளும் இருந்தன. கந்தோரில் கடிதத்தை எடுப்பவனுக்குத் தேடவேண்டிய லெட்ஜர் எதுவென்று முதல் பந்தியிலேயே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அவன் எழும்பிப் போய்த் தேடுவான். இது அவருக்கு 34 வருடத்தில் நிச்சயமாகத் தெரிந்த விசயம்.

கடைசிப் பந்தியில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. திரை கறுத்தது.

கொஞ்ச நேரம் கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினார். கரண்ட் வந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். இந்த முறை ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு Ctrl+S. இரண்டாம் தரம் அடித்ததில் மேலதிகமாய் இருந்த ஒரு பந்தி தானாகக் கழன்றது. கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கியது. பிளாஸ்ரர் எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. புள்ளிகள் எல்லாம் தங்கள் இடத்தில் இருந்தன.

ஒட்டுசுட்டானில் பிரிண்ட் எடுப்பதற்கு முன் பேரன் ஒருக்கால் பார்க்கட்டும் என்று ராணியின் மகளைக்கொண்டு கோப்பை அவனுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அப்பப்பா, போனில திறந்தால் எல்லாம் இங்கிலிஸ் எழுத்தாய்க் கிடக்கு. பிழைச்சுப்போச்சு போல."

"என்ன கிடக்கு? ஆக மேல இருக்கிறதை வாசி."

"ரி, இசட், எஃப், ஒரு செமிகோலன், எஃப், கே, திரும்பச் செமிகோலன்."

மேசை விளிம்பில் அவர் விரல்கள் அசைந்தன.

"வணக்கம்," என்றார். "வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. உன்ர போனில பாமினி இல்லை, அவ்வளவுதான். அடுத்த வரியை வாசி."

அவன் வாசிக்க வாசிக்க, இவர் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனார். நாலாம் வரியில் ஓரிடத்தில் நிறுத்தினார். "பொறு, அதில ஒரு கால் விடுபட்டிருக்கு. h வரவேணும்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டையை ஒருமுறை தட்டினார்.

ராணி கடிதத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போன பிறகு, இரவு போன் ஒருமுறை சிணுங்கியது. மனைவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெடியன் என்னவோ இங்கிலிசில அனுப்பியிருக்கிறான். m, g, அரைப்புள்ளி..."

அவர் கையை நீட்டி வாங்கினார். திரையில் ஒரே ஒரு சொல். mg;gg;gh.

"இங்கிலிஸ் இல்லையப்பா," என்றார். "என்னைக் கூப்பிடுறான்."