பரிமாற்றப் பருவத்துக்கான நோக்க அறிக்கை: டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நெதர்லாந்து

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி வளாகத்தின் மழைநீர் வடிகால்களை SWMM மென்பொருளில் மாதிரியாக்கினேன். கனமழை நின்ற 40 நிமிடத்தில் தண்ணீர் வடிந்துவிடும் என்றது மாதிரி. நேரிலோ விடுதி வாசலில் ஆறு மணி நேரம் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. குழாய் விட்டம், சரிவு, மண்ணின் உறிஞ்சுதிறன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வழி காட்டியவர், வடிகால்களைச் சுத்தம் செய்யும் ஊழியர் ஒருவர். "வாய்க்கால் நிரம்பிட்டா தண்ணி திரும்பி வரும் தம்பி. நீங்க போறதை மட்டும் கணக்கு போடுறீங்க" என்றார்.

தப்பு என் கணக்கில்தான். வடிகால் வெளியேறும் முனையை FREE என்று வைத்திருந்தேன். வெளியே தடுக்க எதுவும் இல்லை, தண்ணீர் தன்பாட்டில் விழுந்துவிடும் என்று அதற்கு அர்த்தம். நான் பயன்படுத்திய கைனமேடிக் வேவ் முறையால் நீர் பின்னேறுவதைக் கணக்கிடவே முடியாது. வாய்க்காலின் மட்டத்தை மழை நாள்களில் அளந்து முனையில் கொடுத்து, டைனமிக் வேவ் முறைக்கு மாறியதும் விடை ஐந்தரை மணி நேரத்துக்கு வந்தது. சரிவான நிலத்தையே மனத்தில் வைத்துப் படித்த எனக்கு, தட்டையான நிலத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பது பாடத்தில் விட்டுப்போன ஓர் அத்தியாயம் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த அத்தியாயத்தைப் படிக்கத்தான் டெல்ஃப்ட். நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. போல்டர் எனப்படும் கரை சூழ்ந்த தாழ்நிலங்களில் பெய்யும் மழை தானாக வெளியேறாது. பம்பு வைத்து மேலே இருக்கும் வாய்க்காலுக்கு ஏற்ற வேண்டும். எங்கள் பாடத்தில் விதிவிலக்காக வரும் பின்னேற்றம் அங்கே அன்றாட நிலைமை. நகர்ப்புற வடிகால், போல்டர் நீர்மேலாண்மை, திறந்த வாய்க்கால் ஓட்டம் ஆகிய மூன்று துறைகளில் 30 ஈசிடிஎஸ் அளவுக்குப் பாடங்கள் எடுக்க விரும்புகிறேன். முதல் இரண்டும் இங்கே எங்களுக்கு இல்லாதவை.

சிங்கப்பூரையும் யோசித்தேன். 2008இல் திறக்கப்பட்ட மரினா தடுப்பணை, கடல் ஏற்றத்தின்போது மழைநீரைப் பம்பு மூலம் வெளியேற்றுகிறது. எங்கள் மழையும் அங்கத்திய மழை மாதிரிதான். ஆனால் எனக்கு ஒரு பெரிய கட்டுமானத்தைவிட, நூற்றுக்கணக்கான சிறு மட்டங்களை ஒவ்வொரு நாளும் யார் முடிவு செய்கிறார்கள் என்பது முக்கியம். நெதர்லாந்தில் அதற்கென்றே தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் நீர் வாரியங்கள் இருக்கின்றன. விவசாயிக்கு ஒரு மட்டம் வேண்டும், வீட்டுக்காரருக்கு இன்னொன்று. அந்தப் பேரம் எப்படிப் பொறியியல் எண்ணாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நைமேகனில் வால் ஆற்றின் கரையைப் பின்னால் தள்ளி, ஆற்றுக்குப் பக்கக் கால்வாய் வெட்டிய இடத்துக்கும், ராட்டர்டாமில் 2013இல் திறந்த பென்தெம்பிளைன் நீர்ச் சதுக்கத்துக்கும் வார இறுதிகளில் போக எண்ணம். காய்ந்த நாளில் விளையாட்டுத் திடல், மழை நாளில் தொட்டி. படத்தில் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அங்கே கற்கும் எல்லாம் இங்கே ஒத்துவராது என்பது தெரியும். அவர்களின் மழை பொதுவாக மெதுவானது, நீண்டது. எங்களுடையது ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது. பம்பு வைத்தால் மின்சாரம் போகும் நேரத்தில்தான் வெள்ளமும் வரும். அதனால் நான் கொண்டுவர நினைப்பது பம்பை அல்ல, மட்டத்தை முதலில் கேட்கும் பழக்கத்தை.

திரும்பி வந்ததும் செய்யப்போவது இது. மூன்றாம் ஆண்டு நீரியல் ஆய்வகத்தில் ஒரு புதிய பயிற்சி: ஒரே வளாக மாதிரியை இரண்டு முறைகளிலும் ஓட்டி, விடை ஏன் மாறுகிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். என் தவறான கோப்பையும் அப்படியே கொடுத்துவிடுவேன். சரியான கோப்பைவிட அதுதான் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். ஆய்வகப் பொறுப்பாசிரியர் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார். அப்புறம், பராமரிப்பு ஊழியர்களுக்காகப் படங்களோடு எட்டுப் பக்கத்தில் எளிய தமிழ்க் கையேடு ஒன்று: மட்டக்கோலை எங்கே நடுவது, எப்போது அளப்பது, எப்படிக் குறிப்பது. அவர்கள் எடுக்கும் அளவுகள்தான் அடுத்த ஆண்டு மாணவர்களின் மாதிரிக்குத் தரவு.

புள்ளியியலில் என் மதிப்பெண் சுமார்தான். அதைச் சரிக்கட்ட இந்தக் கோடையில் மழைத்தரவுப் பகுப்பாய்வை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். கையேட்டின் முதல் வரைவை, எனக்கு வழி காட்டிய அந்த ஊழியரிடம்தான் முதலில் காட்டுவேன். அவர் திருத்திய பிறகே துறைக்குப் போகும்.