எங்கள் ஊர் தென்காசி

வணக்கம் மிஸ். வணக்கம் நண்பர்களே.

என் பெயர் கயல்விழி. போன ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தென்காசியில் படித்தேன். முதல் நாள் நான் ஊர் பெயரைச் சொன்னதும், "காசியா? அது ரொம்ப தூரமாச்சே!" என்று ஒருவன் கேட்டான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது சிரிக்கிறான் பாருங்கள், அவன்தான்.

காசி வடக்கே இருக்கிறது. எங்கள் ஊர் தெற்கே இருக்கிறது. அதனால் தென்காசி. சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால், காலையில் எங்கள் ஊர் வந்துவிடும். ரயிலை விட்டு இறங்கினால் மேற்கே பெரிய மலை தெரியும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா.

ஊர் நடுவில் காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோபுரம் மிக உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் எனக்குக் கோபுரத்தை விட அதன் வாசல்தான் பிடிக்கும். உள்ளே நடக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால், அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நானும் என் தம்பியும் நாலைந்து தடவை உள்ளேயும் வெளியேயும் ஓடுவோம். அம்மா திட்டுவார்.

இப்போது வானிலை. இதற்கு எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நன்றி மிஸ்.

இந்த நோட்டை மேசையில் நிறுத்தி வைக்கிறேன். இதுதான் மலை. இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தென்காசி. ஜூன் மாதம் கடலிலிருந்து மேகம் வரும். மலையில் மோதும். கேரளாவில் கொட்டு கொட்டென்று மழை பெய்யும். மலையில் இடைவெளி இருக்கும் இடத்தில், மிச்சம் இருக்கும் மேகமும் காற்றும் எங்கள் பக்கம் தாண்டி வரும். அப்போது பெரிய மழை பெய்யாது. இதோ, விரலைத் தண்ணீரில் தொட்டு உங்கள் மேல் தெளிக்கிறேன். இப்படித்தான் இருக்கும்! இதற்குப் பெயர் சாரல்.

சாரலில் யாரும் குடையைத் தேட மாட்டார்கள். பாதி தூரம் போன பிறகுதான் சட்டை நனைந்தது தெரியும். வீட்டுக்குப் போனதும் ஆச்சி, "ஏட்டி, தலையத் தொவட்டு!" என்று துண்டோடு வருவார். ஏட்டி என்றால் "ஏய் பொண்ணே" மாதிரி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை நாங்கள் "சீசன்" என்போம். அப்போது பக்கத்தில் இருக்கும் குற்றாலத்தில் அருவி விழும். ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து பிரிவாக விழும். தலையில் விழும்போது யாரோ தொப் தொப்பென்று அடிப்பது போல இருக்கும். அங்கே சோப்பு, ஷாம்பு போடக் கூடாது. தண்ணீர் அதிகமானால் குளிக்கவும் விட மாட்டார்கள். போன வருடம் நாங்கள் போனபோது அப்படி ஆகிவிட்டது. சும்மா பார்த்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டு வந்தோம்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊரிலும் வெயில்தான். தீபாவளி சமயத்தில் மழை பெய்யும்.

சரி, சாப்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்தது உளுந்தஞ்சோறு. அரிசி, தோல் உள்ள கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாம் சேர்த்து ஆச்சி குக்கரில் வைப்பார். சூடாக இருக்கும்போதே எள்ளுத் துவையல் தொட்டுச் சாப்பிட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு நாள் டிபன் பாக்ஸில் கொண்டு வந்தபோது, "இது என்ன, சிமெண்டா?" என்று கேட்டீர்கள். சாப்பிட்ட பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. டப்பாவும் காலி.

சொதி என்று ஒரு குழம்பு உண்டு. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் செய்வார்கள். காரம் குறைவு. கூடவே இஞ்சித் துவையல் வைப்பார்கள். கல்யாண வீட்டில் மறுநாள் சொதி விருந்து வைப்பார்கள். என் மாமா கல்யாணத்தில் நான் மூன்று தடவை வாங்கினேன்.

அப்பாவுக்குச் செங்கோட்டை போகும் வழியில் கிடைக்கும் பார்டர் பரோட்டாதான் பிடிக்கும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றுவார்கள். சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களும் கிடைக்கும். ரம்புட்டான் மேலே முடி முளைத்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், உள்ளே இனிப்பு.

கேரளா பக்கத்தில் இருப்பதால் நேந்திரங்காய் சிப்ஸும் நிறைய கிடைக்கும். போன வாரம் ஊரிலிருந்து வந்த ஆச்சி ஒரு பை கொண்டு வந்தார். பாதியைத் தம்பி தின்றுவிட்டான். மீதி இதோ இருக்கிறது. மிஸ், இப்போதே எல்லாருக்கும் கொடுக்கட்டுமா?

நன்றி. வணக்கம்.