தீபாவளி லைவ்: A7 காட்டன் குர்த்தி

வாங்க அக்கா, வாங்க தங்கச்சி! இப்போ கையில இருக்கிறது A7, மெரூன் காட்டன் குர்த்தி. விளக்கு வெளிச்சத்துல சிவப்பாத் தெரியும், நம்பாதீங்க. ஜன்னல் பக்கம் காட்டுறேன், இதுதான் அசல் நிறம்.

உள்பக்கம் பாருங்க, தையல் ஓரத்துல ஒரு இஞ்ச் துணி விட்டிருக்கு, பிரிச்சுக்கலாம். M மார்புச் சுற்று 38, L 40, XL 42. டேப் வச்சே காட்டுறேன். காட்டன், முதல் துவைப்புல கொஞ்சம் சுருங்கும். ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா பெருசை எடுங்க. முதல் தடவை தனியா, பச்சைத் தண்ணியில.

விலை 32 வெள்ளி, ரெண்டு எடுத்தா 60. லைவ் முடிஞ்சா 38.

வேணும்னா கமெண்ட்ல இப்படிப் போடுங்க:

```
A7 L 1
```

சைஸ் போடலைன்னா எடுத்து வைக்க முடியாது, அடுத்தவங்களுக்குப் போயிடும். "இருக்கா?"ன்னு கேட்டா அது ஆர்டர் இல்லம்மா!

நான் பேர் சொன்னதும் இன்பாக்ஸ் வாங்க. மொத்தத் தொகை வரும், அப்புறம் பேநவ். குறிப்புல உங்க கமெண்ட் பேரையே போடுங்க, ரசீதுப் படம் அனுப்புங்க. 30 நிமிஷம் தாண்டினா துணி திரும்ப ரேக்குக்கு.

தபால் 4 வெள்ளி; சனிக்கிழமை லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி.யில நேர்ல வாங்கினா இலவசம்.

L மூணுதான் பாக்கி. 32 வெள்ளி, A7... யாரு?