கானாடுகாத்தான் வீட்டு எழுத்து வேலை: ஒப்பந்தக் கடிதம்

காரைக்குடி,
12.11.2025

ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தானில் நீங்கள் விடுதியாக நடத்தும் வீட்டுக்கு நான் எழுதித் தரவேண்டியதைப் பற்றி, போன வாரம் முகப்பில் உட்கார்ந்து பேசியதை ஒப்பந்தமாக எழுதி அனுப்புகிறேன். கூலி, தேதி எல்லாம் அன்றைக்கே முடிவாகிவிட்டன. சென்னையில் இருக்கும் தம்பி, “வருவதையெல்லாம் ஏஐ டிடெக்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம்” என்று போனில் சொன்னார் அல்லவா, அதனால்தான் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காசு கொடுப்பவருக்கு, தான் வாங்குவதை யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். அதை நானே உங்களிடம் சொல்லி, கேட்டால் காட்டவும் வேண்டும். எழுத்தில் எவ்வளவு மெஷினுடையது என்று டிடெக்டர் காட்டும் சதவீதத்தை வைத்துக் கூலியைத் தீர்மானிக்க மட்டும் நான் சம்மதிக்க முடியாது.

கீழே ‘நீங்கள்’ என்று வரும் இடமெல்லாம் உங்களையும் உங்கள் சார்பில் பேசும் தம்பியையும் குறிக்கும்.

1. வேலையும் கூலியும்

வீட்டின் வரலாறு, தமிழில் சுமார் 2,500 சொற்கள்: ரூ.20,000. எட்டு அறைகளுக்கும் அறைக்கு ஒரு குறிப்பு அட்டை: ரூ.8,000. பத்துப் பலகாரங்களின் செய்முறைப் புத்தகம்: ரூ.12,000. வரலாற்றுக்கும் அட்டைகளுக்கும் ஆங்கில வடிவம்: ரூ.8,000. ஆக மொத்தம் ரூ.48,000. வரலாறும் அட்டைகளும் டிசம்பர் 20-க்குள் வரும். மற்றவை ஜனவரி 31-க்குள்.

2. எதில் மெஷின் வரும், எதில் வராது

வரலாறு, அறை அட்டைகள், பலகாரப் புத்தகம் மூன்றையும் நானே எழுதுவேன். சாட்ஜிபிடி போன்ற எந்த ஏஐ கருவியிலும் வரைவு எழுத வைக்க மாட்டேன். என் வரைவைக் கொடுத்துத் திருத்தி எழுதவும் வைக்க மாட்டேன்.

நீங்களும் சமையல் பார்க்கும் அக்காவும் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்வேன். அந்தப் பேச்சை எழுத்தாக்க மட்டும் ஒரு கருவியைப் பயன்படுத்துவேன். அது ‘கும்மாயம்’, ‘மணகோலம்’ போன்ற பலகாரப் பெயர்களைத் தாறுமாறாக எழுதிவைக்கும் என்பதால், பதிவை மறுபடி கேட்டுத் திருத்துவது என் பொறுப்பு.

ஆங்கில வடிவம் வேறு கணக்கு. என் தமிழை முதலில் மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டு, அதன் மேல் வரிவரியாகத் திருத்தி எழுதுவேன். அதனால்தான் அந்தக் கூலி குறைவு. மெஷினே தொடாத ஆங்கிலம் வேண்டுமென்றால் ரூ.18,000 ஆகும், மூன்று வாரம் கூடுதலாக வேண்டும். நவம்பர் 25-க்குள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்துப்பிழை பார்ப்பது, அகராதி பார்ப்பது, இணையத்தில் தேடுவது எல்லாம் இந்த ஒப்பந்தத்தில் மெஷின் எழுத்தாகாது.

3. சொல்லிவிட்டுச் செய்வது

ஒவ்வொரு முறை வேலையைக் கொடுக்கும்போதும் அரைப்பக்கம் வேலைக் குறிப்பு ஒன்று சேர்த்துத் தருவேன். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “அறை அட்டைகள், தமிழ்: வரைவு முழுவதும் நானே எழுதியது. ஆச்சியின் பதிவுகளை எழுத்தாக்கியது கருவி, திருத்தியது நான். ஆங்கிலம்: முதல் வரைவு மெஷின் மொழிபெயர்ப்பு. பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு ஆகிய வீட்டுப் பகுதிகளைப் பொத்தாம்பொதுவாக ‘ஹால்’ என்று போட்டிருந்தது. மூன்றையும் தமிழ்ப் பெயரிலேயே வைத்து விளக்கம் எழுதினேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுட்டது என்று எழுதியிருந்தது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது என்று மாற்றினேன்.”

வேலை நடுவில் 2-ஆம் பிரிவில் இல்லாத கருவி ஏதாவது தேவைப்பட்டால் முதலில் வாட்ஸ்அப்பில் கேட்பேன். நீங்கள் சரி என்ற பிறகே தொடுவேன். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

வரைவுகள் எல்லாம் கூகுள் டாக்ஸில் இருக்கும். எந்த நாளில் எந்த வரி வந்தது, எது அடிபட்டது என்று அதன் பதிப்பு வரலாற்றில் தெரியும். அதையும் ஒலிப்பதிவுகளையும் நோட்டுப் புத்தகத்தையும் கடைசிப் பணம் வந்து ஆறு மாதம் வரை அழிக்காமல் வைத்திருப்பேன்.

4. டிடெக்டர்

நீங்கள் எந்த டிடெக்டரிலும் போட்டுப் பார்க்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது காட்டும் எண்ணை மட்டும் வைத்து வேலையைத் திருப்பி அனுப்பவோ, கூலியைக் குறைக்கவோ, நிறுத்திவைக்கவோ, என்னை ஏமாற்றுக்காரி என்று வெளியில் சொல்லவோ கூடாது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், தம்பி படிக்கட்டும். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே அது மெஷின் எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை மெஷின் என்றது. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் இன்னும் மோசம் என்று அவர்களே சொன்னார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்தும்விட்டார்கள். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் மெஷின் எழுதியது என்று வந்தது. நானும் தமிழில் பிறந்து வளர்ந்து ஆங்கிலம் படித்தவள்தான். மெஷினே தொடாமல் நான் எழுதும் ஆங்கிலத்துக்கும் இதே கதி வரலாம்.

அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தைத்தான் இந்தக் கருவிகளில் பல மெஷின் எழுத்து என்று சந்தேகிக்கின்றன. பலகாரப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். பச்சரிசியை ஒரு டம்ளர் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, நைசாக அரைத்து, கரண்டியால் எடுத்து எண்ணெயில் ஊற்றுவது. வெள்ளைப் பணியாரத்தை இங்கே எந்த வீட்டு அடுப்படியில் கேட்டாலும் இதே வரிசையில், ஏறக்குறைய இதே சொற்களில் சொல்வார்கள். செய்முறை என்றால் அப்படித்தான் இருக்கும். அதில் புதுமை காட்டப் போனால் பணியாரம் எண்ணெய் குடித்துவிடும்.

ஆகவே எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் நல்ல வாக்கியத்தை உடைத்து எழுதச் சொன்னால் மாட்டேன். வாக்கியம் புரியவில்லை, தகவல் தப்பு, நடை பிடிக்கவில்லை என்றால் இரண்டு முறை வரை கூலி இல்லாமல் திருத்தித் தருகிறேன்.

நான் கொடுத்த பிறகு நீங்களோ வெப்சைட் செய்பவரோ ஏஐ கருவியில் போட்டு மாற்றினால், மாற்றிய வடிவத்துக்கு நான் பொறுப்பில்லை.

5. சந்தேகம் வந்தால்

வேலை கைக்கு வந்த ஏழு நாளுக்குள், எந்தப் பத்தி, ஏன் சந்தேகம் என்று எழுதி அனுப்புங்கள். “மொத்தமாகவே அப்படித் தோன்றுகிறது” என்பது போதாது. ஐந்து நாளுக்குள் அந்தப் பத்தியின் வரைவுகள், பதிவு, குறிப்பு எல்லாவற்றையும் காட்டுகிறேன். லேப்டாப்புடன் வீட்டுக்கே வருகிறேன். தம்பி வீடியோ காலில் சேரட்டும். எந்த வரியை எடுத்தும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்கலாம்.

அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால், இருவருக்கும் சம்மதமான, இருவருக்கும் உறவில்லாத, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அந்த வரைவுகளைக் கொடுப்போம். அவருக்கு ரூ.2,000, ஆளுக்குப் பாதி. பதினைந்து நாளுக்குள் அவர் சொல்வதை இருவரும் ஏற்போம். டிடெக்டர் எண்ணை அவரிடம் காட்டக் கூடாது. பார்த்துவிட்டுப் படித்தால் கண் அதையே தேடும்.

இது முடியும் வரை, சந்தேகப்பட்ட பகுதிக்கான கூலியை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஓர் அறை அட்டை என்றால் ரூ.1,000, ஒரு பலகாரம் என்றால் ரூ.1,200. வரலாறு என்றால் சந்தேகப்பட்ட சொற்களின் கணக்குப்படி, சொல்லுக்கு ரூ.8. மீதி அந்தந்தத் தேதியில் வந்துவிட வேண்டும்.

6. தப்பு என் பக்கம் என்றால்

மெஷின் வராது என்று சொன்ன பகுதியில் உங்களிடம் சொல்லாமல் பயன்படுத்தியது என் வரைவுகளிலிருந்தோ என் வாயாலோ தெரியவந்தால், அந்தப் பகுதிக்குக் கூலி கிடையாது. வாங்கியிருந்தால் பதினைந்து நாளில் திருப்பித் தருவேன். நீங்கள் விரும்பினால் அதைக் கூலி இல்லாமல் புதிதாக எழுதியும் தருவேன். தமிழாசிரியரின் ரூ.2,000 முழுவதும் என்னுடையது. ஒரு பகுதியில் தப்பு என்பதால் மற்றப் பகுதிகளின் கூலி போகாது.

கேட்டபோது காட்ட என்னிடம் வரைவு இல்லாமல் போனாலும் இந்தப் பிரிவு என்னைக் கட்டும். வைத்திருப்பேன் என்று 3-ஆம் பிரிவில் சொன்னது நான்தான்.

7. பணம் வரும் விதம்

கையெழுத்தானதும் ரூ.16,000. வரலாறும் அட்டைகளும் வந்த பதினைந்து நாளுக்குள் ரூ.16,000. கடைசி வேலை வந்த பதினைந்து நாளுக்குள் ரூ.16,000. டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தால் பிடித்துச் சான்று கொடுங்கள். ஏழு நாளுக்குள் எழுத்தில் எதுவும் வராவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதற்கப்புறம் ஒரு டிடெக்டரில் புதிதாக ஓர் எண் வந்தது என்று கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்தக் கருவிகள் மாறும்போது அதே பக்கத்துக்கு எண்ணும் மாறும்.

என்னிடம் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. தாமதமானால் 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் சொன்ன வட்டி பொருந்தும்.

8. வீட்டுக் காகிதங்கள்

இந்தப் பிரிவு உங்களுக்காக. பேரேடு, ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள், கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் ஆகியவற்றின் படங்களை எந்த ஏஐ கருவியிலும் ஏற்ற மாட்டேன். நீங்களும் வரலாற்றுப் பகுதியை டிடெக்டரில் போடுவதானால், கொடுத்த எழுத்தைச் சேமித்து வைக்காத கருவியாகப் பாருங்கள். பெண் கொடுத்த, எடுத்த வீடுகளின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்கள் யாரும் இதற்குச் சம்மதம் சொல்லவில்லை. ஆங்கில வடிவத்துக்கு மெஷினில் போடும் முன் அந்தப் பெயர்களை நானும் எடுத்துவிட்டுத்தான் போடுவேன்.

9. உரிமை

முழுப் பணமும் வந்த நாளில் எல்லாப் பகுதிகளின் பதிப்புரிமையும், எல்லா நாடுகளுக்கும், உரிமைக் காலம் முழுவதற்கும் உங்களுக்கு மாறும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி இதை எழுத்தில் சொல்ல வேண்டும், காலத்தையும் இடத்தையும் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இந்தியா மட்டும் என்றாகிவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பலகாரப் புத்தகத்தில் சமையல் பார்க்கும் அக்காவின் பெயரும் என் பெயரும் வர வேண்டும். ஆங்கிலப் பக்கத்தின் அடியில் ‘மெஷின் மொழிபெயர்ப்பின் உதவியுடன்’ என்று ஒரு வரி போடுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, போட்டால் நல்லது என்றே நினைக்கிறேன்.

10. மற்றவை

இதில் எதை மாற்றுவதானாலும் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 5-ஆம் பிரிவில் தீராத எதுவும் சிவகங்கை மாவட்ட நீதிமன்றங்களுக்கு உட்பட்டது.

இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தம்பியிடம் காட்டிவிட்டு, ஒன்றில் நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அந்த வாரமே அடுப்படியில் பதிவைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
எழுதித் தருபவள்