தைப்பொங்கல் விழா அழைப்பு: எங்கள் பதில்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டொரொண்டோவில் பொங்கல் விழாவுக்கு நாகஸ்வரம்தான் வேண்டும் என்று முடிவு செய்து எங்களை அழைத்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் இந்தத் தொகைக்கு எங்களால் வர முடியாது.

டிக்கெட்டும் தங்குமிடமும் போக, குழுவுக்கு 1,200 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் நாலு பேர்: இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில். ஆளுக்கு 300 டாலர். பயணத்தோடு ஒன்பது நாள் ஆகிவிடும். தை பிறந்தால் இங்கே முகூர்த்தம் வரிசையாக வரும்; அந்த ஒன்பது நாளில் நாலு கல்யாணத்தை விட வேண்டும். தவில்காரர் ஒருவருக்கு வருஷத்தின் பாதி வருமானமே தையிலும் வைகாசியிலும்தான். அவரிடம் இதை எப்படிச் சொல்வேன்?

அப்புறம், அந்தக் குளிரில் நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி காய்ந்து சுருதி நிற்காது. ஒன்று மாற்றி ஒன்று ஈரப்படுத்தி வாசிக்க ஒரு டஜனாவது கொண்டுவர வேண்டும். தவில் தோல் விட்டுப்போனால் அங்கே மூட்டித் தர ஆள் தேடணும். இந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

குழுவுக்கு 4,000 டாலர் என்றால் சந்தோஷமாக வருவோம். ஐப்பசிக்குள் சொன்னால் தேதி ஒதுக்கி வைக்கிறேன். இல்லையென்றால் அங்கேயே கோயில்களில் வாசிக்கும் ஈழத்துக் கலைஞர்களைக் கூப்பிடுங்கள். நல்ல கைகள். அவர்களிடமும் தயவுசெய்து தொகையைக் குறைத்துப் பேசாதீர்கள்.

விழா சிறக்கட்டும்.

அன்புடன்,
குழுத் தலைவர்,
நாகஸ்வரக் குழு, கும்பகோணம்